ராத்திரி ஸ்டோருக்குப் போகிறவருக்கு

பகலில் மலையில் பறித்த கொழுந்து ஸ்டோருக்கு வந்து சேரும்போது மாலையாகிவிடும். அதை வாட்டும் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றை விட்டு, பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ வாடவிட வேண்டும். நல்ல பதம் வருவதற்குள் நடுச்சாமம் தாண்டிவிடும். பிறகு ரோலரில் அரைத்து, புளிக்க வைத்து, டிரையரில் காயவைக்க வேண்டும். ரோலரில் ஏற்றிய கொழுந்தை, மிச்சத்தை விடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு வர முடியாது. ஏற்றிய நேரத்திலிருந்து அது புளித்துக்கொண்டே இருக்கும். டிரையருக்குள் போனால்தான் நிற்கும். இரத்தினபுரிப் பக்கம் காவத்தை, இறக்குவானை, நிவித்திகலையாக இருந்தாலும், கேகாலைப் பக்கம் எட்டியாந்தோட்டை, தெரணியகலையாக இருந்தாலும், ஸ்டோரு இருக்கிற இடமெல்லாம் இதுதான் கதை.

இதைச் சொல்லித் தொடங்கக் காரணம் உண்டு. ராத்திரி வேலைக்காரரின் பெண்டாட்டி முதலில் கோபப்படுவது நேரத்தைப் பற்றித்தான். "ஆறரைக்கு வாரேன்னு சொன்னாரு, எட்டாச்சு." அவர் நின்றது சிநேகிதர்களோடு அல்ல, புளித்துக்கொண்டிருந்த கொழுந்தோடு. மழை பெய்து கொழுந்து கூடிய வாரங்களில் இந்தத் தாமதம் தினமும் நடக்கும். ஆகவே இந்த அத்தியாயத்தில் வரும் எந்த ஏற்பாடும் அவர் சரியான நேரத்துக்கு வருவார் என்பதை நம்பி இருக்காது. வாசலில் காத்து நின்று சூடாகப் பரிமாறுவது சினிமாவுக்குச் சரி. ஸ்டோரு வீட்டில் அது வாரத்துக்கு நாலு சண்டையைத்தான் கொண்டுவரும்.

ஒரு வீட்டின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணவர் ரோலர் பக்கம் ராத்திரி வேலை. மாலை 6 மணிக்குக் கிளம்பி, கொழுந்து குறைவான நாளில் காலை 6.30க்கு வீடு வருகிறார். மனைவி மலையில் கொழுந்து எடுக்கிறவர். 7 மணிக்குப் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். மாலை கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுக் காம்பராவுக்கு வர 4.45 ஆகும். இரண்டு பிள்ளைகள்: ஒன்று பள்ளிக்கூடம், ஒன்று பிள்ளை மடுவம். கணவரும் மனைவியும் கண் விழித்தபடி ஒரே இடத்தில் இருப்பது காலையில் அரை மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அன்பு, சண்டை, கடன் கணக்கு, பிள்ளையின் காய்ச்சல் எல்லாம் அதற்குள்தான்.

இந்த இரண்டு வேளைகளையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். காலை 6.30க்கு மனைவி தூங்கி எழுந்தவர். அவசரத்தில் இருக்கிறார், ஆனால் தெம்பாக இருக்கிறார். கணவர் துவண்டுபோய் வருகிறார். மாலை 4.45க்கு நிலைமை தலைகீழ். அவர் தூங்கி எழுந்து உட்கார்ந்திருக்கிறார். கூடை சுமந்த தலையோடும் அட்டை கடித்த காலோடும் வருவது மனைவி. ஆக, காலையில் கொடுக்க வேண்டியவர் மனைவி, மாலையில் கொடுக்க வேண்டியவர் கணவர். யாருக்குத் தெம்பு இருக்கிறதோ அவர் கை நீள வேண்டும். எனக்குத் தெரிந்த பல லயங்களில் இது பாதிதான் நடக்கிறது. காலை நேரம் ஒழுங்காக ஓடுகிறது, மாலையிலும் மனைவியே தேத்தண்ணி ஊற்றுகிறார். "அவரு ராத்திரி முழுக்க முழிச்சவரு" என்பது அதற்குச் சொல்லும் நியாயம். முழித்தது உண்மைதான். ஆனால் மாலை ஐந்து மணிக்கு அந்த வீட்டில் களைத்துப்போனவர் அவர் இல்லை.

காலை அரை மணி நேரம்

வருகிறவரின் தலையிலும் சட்டையிலும் தேயிலைத் தூசி அப்பியிருக்கும். டிரையர் பக்கம் நின்றவரானால் ராத்திரி முழுக்க வெந்த உடம்பு. இந்த உடம்புக்கு முதலில் வேண்டியது வெந்நீர். மனைவி எப்படியும் 5 மணிக்கு அடுப்பு மூட்டுவார். ரொட்டி சுட்டு முடிந்ததும் அணையப்போகிற தணலில் ஒரு பெரிய பானைத் தண்ணீரை ஏற்றி மூடிவிட்டால் போதும். தனியாக விறகும் வேண்டாம், நேரமும் வேண்டாம். அவர் எட்டு மணிக்கு வந்தாலும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். பக்கத்தில் ஒரு வாளி பச்சைத் தண்ணீர், துவைத்த சாரம், துவாய். வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தபின் உடம்பு மெல்லக் குளிரும், அந்தக் குளிர்ச்சியிலேயே தூக்கம் வரும்.

அடுத்து, தேத்தண்ணி. தேயிலைத் தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு தேத்தண்ணி கொடுக்காதே என்று எழுதுவது அடி வாங்குகிற வேலை என்று தெரியும். இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். தேயிலையில் உள்ள கபேன் குடித்து ஐந்து மணி நேரம் போன பிறகும் பாதியளவு உடம்பில் தங்கியிருக்கும். வந்த களைப்புக்கு என்று காலை 6.30க்குக் கொடுக்கும் கடுஞ்சாயம், அவர் ஏழரைக்குப் பாயில் படுத்தபிறகும் வேலை செய்யும். தூக்கம் வராது என்றில்லை, வரும். ஆனால் லேசாக வரும். பக்கத்துக் காம்பராவில் சட்டி விழுந்தால் கலையும் தூக்கம் அது. ஸ்டோரில் ராத்திரி அவர் குடிப்பதை நீங்கள் தடுக்க முடியாது. இரண்டு மூன்று மணிக்குப் பிறகு குறைத்துக்கொள்ளச் சொல்லலாம், அவ்வளவுதான். காலைக் கோப்பை மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

அதற்குப் பதில் பெலிமல் ஊற்றலாம். சபரகமுவப் பக்கம் கிடைப்பதற்குக் கஷ்டமில்லை. காய்ந்த பூவில் ஒரு சின்னப் பிடியை இரண்டு கிளாஸ் தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து வடித்து, கூடவே ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி வைத்தால் போதும். பெலிமல் இல்லாத நாளில் இஞ்சி தட்டிப்போட்ட கொத்தமல்லித் தண்ணி. பிளாஸ்க்கில் ஊற்றி வைத்தால் தாமதமும் பிரச்சினை இல்லை. முதல் வாரம் அவர் முகத்தைச் சுளிப்பார். சாயம் குடிக்காமல் காலை விடிந்த மாதிரியே இல்லை என்பார். அவருக்கு விடியவில்லை, பொழுது சாய்கிறது என்பதுதான் விஷயமே. எழுந்தபிறகு, மத்தியானத்தில், அந்தக் கடுஞ்சாயம் அவருக்குக் கிடைக்கட்டும். அதையும் கணக்கில் வைத்து, சாயத்தூளையும் கருப்பட்டியையும் அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போனால் அவர் முகம் சரியாகிவிடும்.

இந்த அரை மணி நேரத்தில் பேசக்கூடாதவை சில உண்டு. கடைக் கடன், சம்பளத்தில் பிடித்த காசு, மாமியார் சொன்னது, பிள்ளையின் பரீட்சை மார்க். தூங்காத மூளை சாதாரணப் பேச்சையும் குற்றச்சாட்டாகவே கேட்கும். காலையில் நடந்த சண்டையை மாலையில் நினைத்துப் பார்த்து, எதற்குச் சண்டை போட்டோம் என்றே தெரியாமல் நிற்கிற தம்பதிகள் உண்டு. காலையில் தொடுதல் போதும். தலை துவட்டிவிடுவதோ, பிரட்டுக்குக் கிளம்பும் முன் தோளில் கை வைத்து "நான் போயிட்டு வாரேன், நீங்க படுங்க" என்பதோ போதும்.

பகல் தூக்கத்துக்குக் காவல்

லயத்தில் வாழ்கிறவர் ராத்திரி வேலைக்காரருக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய பரிசு பகல் தூக்கம்தான். கடையில் விற்காத பரிசு, ஆகவே காசும் வேண்டாம். பகலில் தூங்குகிறவர் சாதாரணமாகவே ராத்திரி தூங்குகிறவரை விட ஒன்று முதல் நாலு மணி நேரம் குறைவாகத்தான் தூங்குகிறார். உடம்புக்குள் இருக்கும் மணிக்கூடு வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. அதற்குப் பகல் என்றால் முழிப்பு. இது எல்லா ஊருக்கும் பொது. லயத்துக்கு மட்டும் உள்ள தொல்லைகள் இன்னும் மூன்று: தகரக்கூரைச் சூடு, கூரை வரைக்கும் எழும்பாத நடுச்சுவர், கதவைத் தட்டாமலே கூப்பிடுகிற பக்கத்து வீட்டார்.

சூட்டை வைத்துத்தான் நேரத்தை அமைக்க வேண்டும். மழையில்லாத நாளில் 11 மணிக்கெல்லாம் காம்பரா அடுப்பாகிவிடும். எனவே வந்தவுடனே படுப்பதுதான் லாபம். வந்து ரேடியோ கேட்டு, சாப்பிட்டு, பத்து மணிக்குப் படுக்கிறவருக்கு ஒரு மணி நேரம்தான் நல்ல தூக்கம். 7.30க்குப் படுத்து 12 வரை ஒரு தூக்கம். எழுந்து சாப்பிட்டு வேலைகளைப் பார்த்துவிட்டு, 3 மணியளவில் சூடு தணியும்போது இன்னொரு சின்னத் தூக்கம். இரண்டாவதை யாரும் தூக்கமாக மதிப்பதில்லை. "பகல்ல ரெண்டு தடவ படுக்கிறான்" என்று பேச்சு வரும். ரோலர் பக்கத்தில் கை வைக்கிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் உயிர்க்காப்பு. வீட்டுக்காரி அதை வெளிப்படையாக ஆதரித்துப் பேசினால் மற்றவர்கள் வாயும் அடங்கும்.

இருட்டுக்கு ஜன்னலில் பழைய சேலையை நாலாக மடித்துக் கட்டுங்கள். கறுப்புப் பொலித்தீன் வேண்டாம், இருட்டோடு புழுக்கத்தையும் அடைத்து வைக்கும். உர மூட்டைச் சாக்கு தலைவலி தரும். ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும் என்றால் கண்ணுக்கு மேல் போட்டுக்கொள்ள ஒரு மெல்லிய பருத்தித் துணி. ஸ்டோரிலிருந்து வரும் வழியில் காலை வெயில் நேராக முகத்தில் அடித்தாலும் தூக்கம் கலைகிறது. முன்பக்கம் நீண்ட தொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தால் அதுவும் ஒரு பரிசுதான், அதன் காரணத்தையும் சொல்லிக் கொடுத்தால்.

சத்தத்தை முழுக்க நிறுத்த முடியாது. இஸ்தோப்பில் பேச்சு, கோழி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எல்லாம் நடுச்சுவருக்கு மேலால் வந்துசேரும். மின்விசிறி இருந்தால் அதை ஓடவிடுங்கள். அதன் ஒரே சீரான இரைச்சல் மற்றச் சத்தங்களை விழுங்கும். திடீர்ச் சத்தந்தான் ஆளை எழுப்பும், ஒரே மாதிரிச் சத்தம் எழுப்பாது. பக்கத்துக் காம்பராக்களுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர் போய்ச் சொன்னால் முறைப்பாடு, நீங்கள் போய்ச் சொன்னால் வேண்டுகோள். "அக்கா, அவரு இந்தக் கிழமை முழுக்க ராத்திரி. கதவுல சிவப்புத் துவாய் தொங்கினா அவரு தூங்குறாருன்னு அர்த்தம். எதுவும்னா அந்த நேரம் எனக்குச் சொல்லியனுப்புங்க." துவாய் எல்லாருக்கும் புரியும். கடன் கேட்டு வருகிறவருக்கும் புரியும், அது உபரி நன்மை. அந்த அக்கா வீட்டில் அடுத்த மாதம் ஒருவர் ராத்திரி வேலைக்குப் போகும்போது உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு விளையாட வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

இங்கே தவறு நடப்பது ஒரே இடத்தில். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையையும் பிள்ளை மடுவத்திலிருந்து கூட்டிவரும் சின்னதையும் அவர் தலையில் கட்டிவிடுவது. வீட்டில்தானே இருக்கிறார் என்ற கணக்கு. முதல் தூக்கம் முடியும் 12 மணிக்குப் பிறகு என்றால் சரி. அதற்கு முன் காய்ச்சல் வந்த பிள்ளையை அவரிடம் விட வேண்டி வந்தால், அன்று ராத்திரி வேலைக்குப் போவது சரியா என்று இருவரும் யோசிக்க வேண்டும். அவர் தூக்கம் போதவில்லை என்பதற்கு அடையாளம் கொட்டாவி இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்த நிமிடமே தலை சாய்வது, சொன்னதை அரை மணி நேரத்தில் மறப்பது, பழகிய சூட்டில் கையைச் சுட்டுக்கொள்வது. இவற்றைப் பார்த்தால் அன்பான ஏற்பாடுகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு மூன்று நாள் தூக்கத்தை மட்டும் பாருங்கள்.

தூக்கத்துக்காகக் காலையில் ஒரு மடக்குச் சாராயம் போடுகிற பழக்கம் பல லயங்களில் உண்டு. அது ஆளைப் படுக்க வைக்கும், இரண்டு மூன்று மணி நேரத்தில் எழுப்பியும் விடும். சம்பள நாளில் அன்புக்கு அடையாளமாக அவருக்குப் போத்தல் வாங்கிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காசுக்கு ஒரு தலையணை வரும்.

சாப்பாட்டுப் பெட்டியும் சீட்டும்

ராத்திரி ஒரு மணிக்குப் பெட்டியைத் திறக்கும்போது அதில் என்ன இருக்கிறது என்பது வீட்டிலிருந்து அவருக்குப் போகும் ஒரே செய்தி. அந்த நேரத்தில் வயிறு பாதி தூங்குகிறது. பகல் சாப்பாட்டைப் போலக் குவித்துக் கட்டிய சோறு நெஞ்சில் நிற்கும், மூன்று மணிக்குக் கண்ணைச் சொருகும். கிளம்பும் முன் 5.30க்கு வயிறார வீட்டில் சாப்பிடட்டும், பெட்டியில் பாதியளவு போதும்.

இடியாப்பமோ, சின்னதாகச் சுட்ட தேங்காய் ரொட்டியோ வைக்கலாம். ரொட்டியை வாட்டிய வாழையிலையில் சுற்றினால் ஒரு மணி வரை விறைக்காது. தேங்காய்ச் சம்பல் வேண்டாம். டிரையர் சூட்டுக்குப் பக்கத்தில் ஏழு மணி நேரம் இருந்தால் அது ஊசிப்போகும், அவர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் ரொட்டியைத் தின்பார், உங்களிடம் சொல்லமாட்டார். கட்டசம்பலில் தேங்காய் இல்லை. மாசி, வெங்காயம், காய்ந்த மிளகாய், உப்பு, தேசிக்காய்ப் புளி மட்டும் இருப்பதால் விடியும் வரை நிற்கும். பெட்டி பாதி நிறைந்தபடி திரும்பி வருகிறதா என்று காலையில் பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து மிச்சம் வந்தால் சமையலைக் குறை சொல்கிறார் என்று எடுக்க வேண்டாம். அளவு அதிகம், அல்லது சாப்பிட நேரம் கிடைக்கவில்லை. கையில் பிடித்துத் தின்னக்கூடியதாக மாற்றுங்கள்.

பெட்டி மூடிக்கு அடியில் ஒரு சீட்டு வையுங்கள். பழைய கொப்பித் தாளில் ஒரு துண்டு போதும். ராத்திரி வேலைக்காரர் இழப்பது வீட்டின் சின்னச் சின்ன நடப்புகளை. பெரிய செய்தி எப்படியும் அவர் காதுக்கு வந்துவிடும். பிள்ளை என்ன கேட்டது, பலாமரத்தில் எது காய்த்தது என்பது வராது. அதனால் சீட்டில் காதல் வசனம் எழுதத் தேவையில்லை. "என்னங்க, சின்னது இன்னைக்கு மடுவத்துல சொல்லிக்குடுத்த பாட்ட பூனைக்குப் படிச்சுக் காட்டுச்சு. பூனை எந்திரிச்சுப் போயிருச்சு. நாளைக்கு நீங்க எந்திரிச்சதும் கேளுங்க." இப்படி எழுதினால் அவர் ராத்திரி சிரிப்பார், மறுநாள் பிள்ளையிடம் கேட்கவும் ஒன்று இருக்கும். எழுத வராதவர் பிள்ளையைக் கொண்டு ஒரு படம் வரையச் சொல்லலாம். தினமும் வேண்டாம். தினமும் வைத்தால் இல்லாத நாள் குறையாகத் தெரியும்.

போனைப் பற்றி ஒரு கண்டிப்பு. ஓடுகிற ரோலர் பக்கத்தில் நிற்கிறவருக்குப் போன் அடிக்கக்கூடாது. அன்பாகப் பேசத்தான் எடுத்தேன் என்பது கையை நசுக்கிய இயந்திரத்துக்குத் தெரியாது. தேத்தண்ணி நேரத்தில் அவர் கேட்கிற மாதிரி வாட்ஸ்அப்பில் ஒரு நிமிடத்துக்குள் பேசி அனுப்புங்கள். சிக்னல் இல்லாத தோட்டங்களில் அது காலையில்தான் போய்ச் சேரும், அப்படியானால் சீட்டே மேல். ஆனால் அடிக்க வேண்டிய ஒரு நேரம் உண்டு. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்து குடும்பங்கள் புதைந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அடைமழை ராத்திரியில் லயத்தில் பிள்ளைகளோடு தனியாக இருப்பவருக்கும், ஸ்டோரில் நின்று மழைச் சத்தம் கேட்பவருக்கும் வயிற்றில் ஒரே பயம்தான். முன்கூட்டியே பேசி வையுங்கள்: சாதாரண நாளில் அழைப்பே இல்லை. ஆகவே அழைப்பு வந்தால் ஆபத்து என்று பொருள், ரோலரை விட்டுவிட்டு எடுக்க வேண்டும். மழை ராத்திரியில் அவர் இடைவேளையில் ஒரு தடவை அடித்து, எங்கே போய் நிற்பது என்பதை நினைவூட்டட்டும். மேட்டு லயமோ கோயிலோ பள்ளிக்கூடமோ, அந்த இடத்தை வெயில் காயும்போதே முடிவு செய்திருக்க வேண்டும்.

மாலை ஒரு மணி நேரம்

இனி கணவருக்கு. நீங்கள் 4.30க்கு எழுந்திருக்கிறீர்கள். கூடையோடு வருகிறவருக்கு இஸ்தோப்பிலேயே ஒரு வாளி வெந்நீரும் கொஞ்சம் உப்பும் வையுங்கள், அட்டை கடித்த காலுக்கு. படங்கை வாங்கிக் கொடியில் போடுங்கள். தேத்தண்ணி உங்கள் கையால். தண்ணீர் பிடிப்பது, விறகு உடைப்பது, ராத்திரிக்குத் தேங்காய் துருவி வைப்பது ஆகிய மூன்றும் முடிந்திருந்தால் அவருக்கு முக்கால் மணி நேரம் மிச்சமாகும். அந்த முக்கால் மணி நேரம்தான் உங்கள் இருவருக்கும் சேர்ந்து கிடைக்கிற நேரம். வேறு எங்கிருந்தும் அது வராது. பூ வாங்கி வந்து கொடுத்துவிட்டு, தண்ணீர்க் குடத்தை அவரையே தூக்க விடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். பூவுக்குச் சந்தோஷப்படுவார், குடத்தை மறக்கமாட்டார்.

காலையில் தள்ளிவைத்த கணக்கு வழக்குகளையும் இந்த நேரத்தில் தினமும் இழுக்க வேண்டாம். மாதத்துக்கு ஒரு மாலை அதற்கு. சம்பளம் வரும் பத்தாம் தேதியை ஒட்டிய மாலை சரியாக இருக்கும். மற்ற மாலைகளில் ஒன்றாக உட்கார்ந்து குடிப்பதும், பேன் பார்ப்பதும், தலைக்கு எண்ணெய் வைப்பதும் நடக்கட்டும்.

லீவு நாளில் பெரும்பாலானோர் தவறுவது காலையில். ஞாயிறு காலை வேலை விட்டு வந்தவரை அப்படியே இரத்தினபுரி டவுனுக்கோ போபத் எல்லவுக்கோ கூட்டிப்போவது அவருக்குத் தண்டனை. மோட்டார் சைக்கிளில் என்றால் ஆபத்தும் கூட, விடிகாலையில் தூக்கம் ஒரு நொடியில் ஆளைச் சாய்க்கும். சீசனில் ராத்திரி வேலை முடித்த கையோடு சிவனொளிபாத மலைக்கு ஏறுகிற இளவட்டங்களைப் பற்றி எழுத வந்தால் இந்த அத்தியாயம் வசவாகிவிடும். வந்தவர் 11 மணி வரை மட்டும் தூங்கட்டும். நாள் முழுக்கத் தூங்கினால் அன்று ராத்திரி முழித்துக் கிடப்பார். பயணம், கோயில், படம் எல்லாம் மத்தியானத்துக்குப் பிறகு. அன்று சாயங்காலம் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் அம்மாச்சி காம்பராவுக்கு அனுப்பிவிடுங்கள். ஒற்றைக் காம்பராவில் புருஷன் பெண்டாட்டிக்குத் தனிமை தானாக வராது, அதற்கு ஆள் ஏற்பாடு செய்யத்தான் வேண்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் அவர் தூங்கிப்போனால் மனம் கசக்காதீர்கள். உடம்பு வாங்க வேண்டிய கடனை வாங்குகிறது.

ராத்திரி வேலைக்குப் போவது மனைவியானால்

எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டப் பக்கத் தோட்டங்களிலிருந்து அவிசாவளையில் சீதாவாக்கை ஏற்றுமதி வலயத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் பலர். இங்கே மேலே சொன்ன எல்லாம் ஆள் மாறிப் பொருந்த வேண்டும், பொருந்துவதில்லை. ராத்திரி வேலை விட்டு வந்த ஆண் படுக்கிறார். ராத்திரி வேலை விட்டு வந்த பெண் அடுப்பு மூட்டுகிறார். எனவே கணவர் செய்ய வேண்டிய முதல் காரியம், அவர் வரும்போது காலைச் சாப்பாடும் பிள்ளையின் பள்ளிக்கூடச் சாப்பாடும் முடிந்திருப்பது. ரொட்டி வட்டமாக வராவிட்டாலும் பரவாயில்லை. இரண்டாவது, கம்பனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயம் வரை டார்ச் பிடித்துக் கூட்டிவருவது. தேயிலை நடுவே இருட்டுப் பாதை எவ்வளவு நீளம் என்பது அதில் தனியாக நடந்தவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, ஒரு கலண்டரும் பேனையும். அவர் ராத்திரி வேலை செய்த ஒவ்வொரு நாளையும் வட்டம் போட்டு வையுங்கள். பெண்களின் ராத்திரி வேலை பற்றி 1984இல் திருத்தப்பட்ட சட்டம், ஒரு பெண்ணை அவர் விருப்பத்துக்கு மாறாக ராத்திரி வேலைக்குக் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது. காலை 6 முதல் மாலை 6 வரை வேலை செய்தவரை அன்றே இரவு 10க்குப் பிறகு வேலைக்கு வைக்கக்கூடாது. மாதத்துக்குப் பத்து ராத்திரிக்கு மேல் கூடாது. ராத்திரி வேலைக்குச் சாதாரணச் சம்பளத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். தூங்கி எழுந்து இதையெல்லாம் எண்ணிப் பார்க்க அவருக்குத் தெம்பு இருக்காது. சம்பளச் சீட்டு வந்ததும் கலண்டரையும் அதையும் பக்கத்தில் வைத்து நீங்கள் எண்ணுங்கள். வட்டங்களும் சீட்டும் ஒத்துவராவிட்டால், இரண்டையும் எடுத்துக்கொண்டு அவரோடு தொழில் திணைக்கள அலுவலகத்துக்கு நீங்களும் போங்கள்.